ரெண்டு பேரும் சரியா யோசிச்சாங்க, ரெண்டு பேருக்கும் நஷ்டம்: கைதிகளின் இக்கட்டு

[திரையில்: நடுவில் ஒரு சுவர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை, ஒவ்வொருத்தர்.]

நீங்களும் உங்க கூட்டாளியும் ஒரு வழக்குல மாட்டிக்கிட்டீங்க. தனித்தனி அறையில வச்சு விசாரிக்கிறாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேட்காது. பெரிய குற்றத்துக்குப் போதுமான ஆதாரம் அவங்ககிட்ட இல்ல. சின்னதா ஒரு குற்றத்தை மட்டும்தான் நிரூபிக்க முடியும். அதனால விசாரிக்கிறவர் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பேரத்தை வைக்கிறார்.

[திரையில்: நான்கு கட்டம், ஒவ்வொன்றாக நிரம்புகிறது.]

ரெண்டு பேரும் வாய் திறக்கலைன்னா ஆளுக்கு 1 வருஷம் சிறை. நீங்க காட்டிக்கொடுத்து அவர் வாய் திறக்கலைன்னா உங்களுக்கு விடுதலை, அவருக்கு 10 வருஷம். அவர் காட்டிக்கொடுத்து நீங்க பேசாம இருந்தா இதுவே தலைகீழ். ரெண்டு பேருமே காட்டிக்கொடுத்தா ஆளுக்கு 5 வருஷம்.

இப்போ உங்க பக்கத்துல இருந்து மட்டும் பாருங்க. அவர் என்ன செய்வார்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா அவர் செய்யக்கூடியது ரெண்டே ரெண்டுதான், அதனால ரெண்டையும் போட்டுப் பார்த்துடலாம்.

[திரையில்: இடது பக்க இரண்டு கட்டங்கள் மட்டும் வெளிச்சத்தில்.]

அவர் வாய் திறக்கலைன்னு வச்சுக்குவோம். நீங்களும் பேசாம இருந்தா 1 வருஷம், காட்டிக்கொடுத்தா பூஜ்யம். காட்டிக்கொடுக்கிறது 1 வருஷம் லாபம்.

[திரையில்: இப்போது வலது பக்க இரண்டு கட்டங்கள்.]

அவர் காட்டிக்கொடுத்துட்டார்னு வச்சுக்குவோம். நீங்க பேசாம இருந்தா 10, நீங்களும் சொல்லிட்டா 5. காட்டிக்கொடுக்கிறது 5 வருஷம் லாபம்.

அவர் எதைச் செஞ்சாலும் உங்களுக்கு ஒரே பதில்தான் வருது. அடுத்த அறையில அவரும் இதே கணக்கைப் போட்டு இதே பதிலுக்கு வர்றார். முடிவு, ஆளுக்கு 5 வருஷம். பேசாம இருந்திருந்தா 1 வருஷத்தோட போயிருக்கும்.

கணக்குல எங்கயும் பிழை இல்ல. அப்போ பிழை எங்கதான் இருக்கு?

நிறைய பேர் உடனே சொல்ற பதில், "ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்ல, அதான் பிரச்சனை." கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எண்கள் அப்படிச் சொல்லலை.

[திரையில்: 0 முதல் 100 சதவீதம் வரை ஒரு அளவுகோல், முள் மெதுவாக நகர்கிறது.]

அவர் வாய் திறக்கமாட்டார்னு நீங்க 50 சதவீதம் நம்புறீங்கன்னு வைங்க. பேசாம இருந்தா சராசரியா உங்களுக்கு 5.5 வருஷம். பாதி வாய்ப்பு 1, பாதி வாய்ப்பு 10. காட்டிக்கொடுத்தா சராசரி 2.5. நம்பிக்கையை 90 சதவீதத்துக்கு ஏத்துவோம். பேசாம இருந்தா 1.9, காட்டிக்கொடுத்தா 0.5. சரி, முழுசா 100 சதவீதம். அவர் உயிரே போனாலும் வாய் திறக்கமாட்டார்னு உங்களுக்கு உறுதியாத் தெரியும். அப்பவும் பேசாம இருந்தா 1, காட்டிக்கொடுத்தா 0.

நம்பிக்கை கூடக் கூட ரெண்டுக்கும் இருக்கிற இடைவெளி 5 வருஷத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் குறையுது. ஆனா எங்கயும் பூஜ்யத்தைத் தொடலை. அதாவது இங்க ரெண்டு விசை உங்களை ஒரே பக்கம் தள்ளுது. ஒண்ணு பயம், "அவர் சொல்லிட்டா நான் 10 வருஷம் உள்ள கிடப்பேனே". இன்னொண்ணு ஆசை, "அவர் சொல்லலைன்னா நான் இன்னைக்கே வெளியே போயிடலாமே". நம்பிக்கை பயத்தை மட்டும்தான் தீர்க்கும். ஆசையை அது ஒண்ணும் செய்யாது. சொல்லப்போனா, கூட்டாளியை முழுசா நம்புற ஆளுக்குத்தான் அந்த ஆசை நிச்சயமான லாபமாத் தெரியும்.

இதைச் சோதிச்சுப் பார்க்கணும்னா ஒரே ஒரு எண்ணை மாத்துங்க.

[திரையில்: "0" அழிந்து "2" ஆகிறது. மற்ற எண்கள் அப்படியே.]

தனியாக் காட்டிக்கொடுக்கிறவருக்கு விடுதலை கிடையாது, 2 வருஷம்னு வைப்போம். இப்போ அவர் பேசாம இருந்தா, நீங்களும் பேசாம இருக்கிறதுதான் நல்லது. ஏன்னா 1 வருஷம் 2 வருஷத்தை விடக் குறைவு. அவர் சொல்லிட்டா மட்டும் நீங்களும் சொல்றது நல்லது. ஆசை போச்சு, பயம் மட்டும் மிச்சம். இந்த ஆட்டத்துல நம்பிக்கைக்கு வேலை இருக்கு. கணக்குப் போட்டா, அவர் பேசமாட்டார்ங்கிற வாய்ப்பு 6-ல் 5 பங்கைத் தாண்டினாலே, அதாவது சுமார் 83 சதவீதத்துக்கு மேல போனாலே, பேசாம இருக்கிறதுதான் லாபம்.

இப்படி ஒருத்தர் முடிவு இன்னொருத்தரைப் பாதிக்கிற நிலைமைகளைக் கணக்காப் பார்க்கிற கேம் தியரியில இதுக்குத் தனிப் பேரே இருக்கு, மான் வேட்டை. வெளியில பார்த்தா கைதிகளின் இக்கட்டு மாதிரியே இருக்கும். "எல்லாரும் ஒத்துழைச்சா நல்லா இருக்குமே"ன்னு சொல்லப்படுற பல விஷயங்கள் உண்மையில மான் வேட்டைதான். பிரிச்சுப் பார்க்க ஒரு கேள்வி போதும்: எதிராளி ஒத்துழைக்கப் போறார்னு உறுதியாத் தெரிஞ்சா, அப்பவும் எனக்கு ஏமாத்துறதுதான் லாபமா? ஆமான்னா கைதிகளின் இக்கட்டு. இல்லைன்னா மான் வேட்டை. மான் வேட்டைக்கு மனசு விட்டுப் பேசினா பெரும்பாலும் போதும். இக்கட்டுக்கு அது போதாது.

ஏன் போதாது? உள்ளே போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி, கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போறாங்கன்னு வைங்க. அறைக்குள்ள போனதும் கட்டத்துல இருக்கிற நாலு எண்ணுல ஏதாவது மாறிச்சா? இல்ல. சத்தியத்தை மீறினவருக்கு வெளியில ஏதோ ஒரு தண்டனை காத்திருந்தா மட்டும்தான் எண் மாறும். அது 1 வருஷச் சிறையை விட வலிக்கிற அளவுக்கு இருந்தாத்தான் ஆசை அடங்கும், 5 வருஷத்தை விட வலிச்சாத்தான் பயமும் அடங்கும்.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும். "அவரும் என்னை மாதிரியே யோசிக்கிறவர். நான் பேசாம இருக்க முடிவு பண்ணினா அவரும் அதே முடிவுக்குத்தானே வருவார்?" பலர் வழுக்குறது இங்கதான். ரெண்டு பேரோட முடிவும் ஒண்ணா இருக்கலாம். ஆனா உங்க முடிவு சுவரைத் தாண்டிப் போய் அவர் முடிவை மாத்தாது. நீங்க கடைசி நொடியில மனசு மாறினா அவருக்கு அது தெரியப்போறதில்ல. அப்படி மாறினா உங்களுக்கு லாபம்ங்கிறது அப்பவும் உண்மைதான்.

[திரையில்: "1950".]

இந்த எண் அமைப்பு கைதிக் கதையா ஆரம்பிக்கலை. 1950 ஜனவரியில அமெரிக்காவோட ராண்ட் ஆய்வு நிறுவனத்துல மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர்னு ரெண்டு பேர் இதைச் சும்மா ஒரு காசு ஆட்டமா அமைச்சாங்க. கைதிக் கதையைச் சேர்த்தவர் கணித வல்லுநர் ஆல்பர்ட் டக்கர். அதே வருஷம் உளவியல் துறையினருக்குப் பேசும்போது, வெறும் எண்களைக் காட்டினா புரியாதேன்னு இந்தக் கதையைச் சொன்னார்.

ஃபிளட்டும் டிரெஷரும் ஆட்டத்தை நிஜமாவே ஆட வச்சுப் பார்த்தாங்க. ஆடினவங்க பொருளாதார அறிஞர் ஆர்மென் ஆல்ச்சியன், கணிதக்காரர் ஜான் வில்லியம்ஸ். மொத்தம் 100 சுற்று, சில்லறைக் காசுதான் பந்தயம். ரெண்டு பேருமே விவரமானவங்க, அதனால 100 சுற்றும் காட்டிக்கொடுப்புதான் வரும்னு எதிர்பார்க்கலாம். ஆனா ஆல்ச்சியன் 68 முறை ஒத்துழைச்சார், வில்லியம்ஸ் 78 முறை. 60 சுற்றுல ரெண்டு பேருமே ஒத்துழைச்சாங்க. ரெண்டு பேருமே ஏமாத்தினது 14 சுற்றுலதான்.

அப்போ கோட்பாடு தப்பா? இதைப் பார்த்த கணித அறிஞர் ஜான் நாஷ் சொன்ன எதிர்ப்பு முக்கியமானது. இது 100 தனித்தனி ஆட்டம் இல்ல, 100 நகர்வு இருக்கிற ஒரே ஒரு பெரிய ஆட்டம்னார். இந்தச் சுற்றுல நீங்க செய்யறதை அவர் அடுத்த சுற்றுக்குள்ள பார்த்துடுவார். சுவர்ல ஓட்டை விழுந்துடுச்சு.

[திரையில்: வரிசையாகச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஒரு கேள்விக்குறி.]

அந்த ஓட்டை எவ்வளவு பெரிசா இருக்கணும்னு நம்ம எண்களை வச்சே பார்க்கலாம். அதே ஆட்டம் திரும்பத் திரும்ப நடக்குது. வருஷம்ங்கிறதை இப்போ அபராதப் புள்ளியா எடுத்துக்குவோம். ரெண்டு பேருக்கும் ஒரே விதி: "நீ ஒத்துழைக்கிற வரைக்கும் நானும் ஒத்துழைப்பேன். ஒரு தடவை ஏமாத்தினா, அதுக்கப்புறம் எப்பவும் நானும் ஏமாத்துவேன்."

இன்னைக்கு ஏமாத்தினா இந்தச் சுற்றுல 1 புள்ளி மிச்சம். அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு சுற்றுலயும் 1-க்குப் பதிலா 5, அதாவது சுற்றுக்கு 4 புள்ளி கூடுதல். அப்படின்னா இனிமே சராசரியா கால் சுற்று வரும்னு இருந்தாலே லாபமும் நஷ்டமும் சமம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஆட்டம் தொடர 20 சதவீத வாய்ப்பு இருந்தா, இனி வரக்கூடிய சுற்றுகளோட சராசரி சரியா கால்தான். அதுக்கு மேல போனா, சுத்த சுயநலக்காரருக்கும் ஒத்துழைக்கிறது கட்டுப்படியாகும். எனக்கு இது ஆச்சரியமாவே இருக்கு, அவ்வளவு குறைவான வாய்ப்பே போதுது.

ஆனா இதுல ஒரு நிபந்தனை இருக்கு: கடைசிச் சுற்று எதுன்னு தெரியக்கூடாது. 100-வது சுற்றுதான் கடைசின்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் பழிவாங்க ஆள் இல்ல, அதனால அங்க ரெண்டு பேரும் ஏமாத்துவாங்க. 100-ல என்ன நடக்கும்னு முன்னாடியே முடிவாயிட்டதால 99-ல நல்லபடியா நடந்துக்க எந்தக் காரணமும் இல்ல. அதனால 98-லயும் இல்ல. இப்படியே பின்னாடி இருந்து இழுத்தா முதல் சுற்று வரைக்கும் அவிழ்ந்துடும். ஆல்ச்சியனுக்கும் வில்லியம்ஸுக்கும் 100-ன்னு முன்னாடியே தெரியும். இருந்தும் அவங்க அந்தக் கணக்கை முதல் சுற்று வரைக்கும் இழுத்துட்டுப் போகலை.

நிஜத்துல இந்த விதி உடையறது இன்னொரு இடத்துல. எதிராளி ஏமாத்தாமலே, தகவல் தப்பா வந்து ஏமாத்தின மாதிரித் தெரிஞ்சா என்ன ஆகும்? "ஒரு தடவை ஏமாத்தினா எப்பவும்" விதிக்கு மன்னிப்பு கிடையாது. ரெண்டு பேரும் நல்ல எண்ணத்தோட இருந்தும், ஒரே ஒரு தப்பான தகவலால மிச்ச எல்லாச் சுற்றும் 5-க்குப் போயிடும். அதனால தண்டனைக் காலத்தைக் குறைக்கலாம், உதாரணமா ரெண்டு சுற்று தண்டிச்சுட்டு மறுபடியும் ஒத்துழைக்கலாம். ஆனா அதுக்கும் விலை இருக்கு. தண்டனை ரெண்டே சுற்றுன்னா 20 சதவீதம் போதாது, ஆட்டம் தொடர வாய்ப்பு ஏறக்குறைய 21 சதவீதம் இருக்கணும். ஒரே சுற்றுன்னா 25 சதவீதம் வேணும்.

[திரையில்: மூன்று எண்கள் வரிசையாக. 20, ஏறக்குறைய 21, 25.]