தொட்டபெட்டாவைத் தூக்கினால்தான் இந்த ஊட்டி வீடியோ பிழைக்கும்!

(திரையில்: மூடுபனி, தேயிலைத் தோட்டம், புல்லாங்குழல் இசை. ஐந்தாவது நொடியில் இசை சட்டென்று நிற்கிறது.)

"மலைகளின் அரசி உங்களை அன்புடன் அழைக்கிறாள். இயற்கை எழில் கொஞ்சும் ஏரி, குறிஞ்சி மலர்கள் பூத்துக் குலுங்கும் சரிவுகள், தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டா, உலகப் புகழ்பெற்ற மலை ரயில்..."

போதும். இந்த மாதிரி ஸ்கிரிப்ட்டை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? இன்றைக்கு இதைப் பிரித்துப் போட்டு, மூன்று நிமிட வீடியோவுக்கான ஸ்கிரிப்டாகத் திருப்பி எழுதப் போகிறோம். முடிவில் தொட்டபெட்டா இருக்காது. ஏன் என்று சொல்கிறேன், ஓடிப் போய்விடாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை. ஊட்டி என்ற பெயரை எடுத்துவிட்டுக் கொடைக்கானல் என்று போட்டுப் படியுங்கள். வரி அப்படியே பொருந்துகிறதா? அப்படியென்றால் அந்த வரி ஊட்டியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. "அன்புடன் அழைக்கிறாள்" இங்கேயே அவுட். அரசியை இளவரசி ஆக்கினால் அதுவும் கொடைக்கானலுக்குப் போய்விடும்.

அடுத்து, மிச்சமிருக்கும் வரிகள் உண்மையா என்று பார்க்கலாம். ஏரி இயற்கையானது இல்லை. 1820-களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து வெட்டிய ஏரி அது. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும்; கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018-ல். இந்த ஸ்கிரிப்டை நம்பி வருகிறவர் 2030 வரை ரூம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மூணாறு பக்கம் இருக்கும் ஆனைமுடி 2,695 மீட்டர். "தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம்" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. மலையாளி நண்பர்களும் கமெண்டில் சண்டைக்கு வர மாட்டார்கள்.

சரி, இப்போது வரிசை. பழைய ஸ்கிரிப்டில் ஏரி, பூ, சிகரம், ரயில் என்று கையில் கிடைத்த காட்சியெல்லாம் கிடைத்த வரிசையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பார்ப்பவருக்கு எது எங்கே இருக்கிறது, எது முதலில் வரும் என்று ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுகிறார் ஒருவர். அவர் கண்ணில் படும் வரிசைதான் ஸ்கிரிப்டின் வரிசை.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. மன்னிக்கவும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

(திரையில்: கல்லாறு நிலையம். தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம், நெருக்கக் காட்சி.)

இந்த ரயிலைப் பற்றி எழுதும் எல்லோரும் ஒரே மூச்சில் அள்ளி விடுவார்கள்: 208 வளைவு, 250 பாலம், 16 குகை, யுனெஸ்கோ 2005. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் காதில் கேட்கும்போது நான்கு எண்ணில் ஒன்றும் நிற்காது. ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு, 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும் என்பதற்கு. அதை வெறுமனே சொல்லாமல், அதனால் என்ன ஆகிறது என்று காட்டலாம். சாதாரணச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம் போட்டிருக்கிறார்கள். இன்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இன்னொரு விஷயம் தெரியுமா? இன்ஜின் முன்னால் இருக்காது! பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். முன் பெட்டியில் உட்கார்ந்தவருக்கு எதிரே இன்ஜினே தெரியாது, மலை மட்டும்தான். "உலகப் புகழ்பெற்ற" என்ற சொல் செய்யாத வேலையை இந்த ஒரு காட்சி செய்துவிடும்.

இப்போது வேகத்தையும் ரயிலிடமே விட்டுவிடலாம். கல்லாறு வரை சமவெளி, வரிகள் சட்டுச் சட்டென்று வரட்டும். பல் சட்டம் தொடங்கியதும் ரயில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அங்கே குரலும் இறங்கட்டும். எழுதிப் பார்ப்போமா?

"காலை 7.10. மேட்டுப்பாளையம். சன்னல் சீட் பிடித்தாயிற்று. பாக்குத் தோப்பு. கல்லாறு. இங்கே ஒரு சத்தம் கேட்கும்... பல் சக்கரம் கவ்வும் சத்தம். இனி அவசரமே இல்லை. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஹில்குரோவில் அது தண்ணீர் குடிக்கும்வரை நீங்களும் இறங்கிக் கால் நீட்டலாம்."

அதற்குப் பிறகு பத்து நொடி பேசாதீர்கள். ரயில் பேசட்டும். நிதானமாகப் படித்தால் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல் வரும், மூன்று நிமிடத்துக்கு முந்நூறு. அத்தனையையும் நிரப்பினால் மூச்சு விட இடமிருக்காது. நான் இருநூற்று முப்பதில் நிறுத்துவேன், அதில் ஏறக்குறைய பாதி ரயிலுக்கு. குன்னூரில் நீராவி இன்ஜின் கழன்று டீசல் இன்ஜின் மாட்டுவதற்கு ஒரு வரி போதும்.

ஊட்டி வந்து சேர நண்பகல் 12 ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இதை மறைக்காதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரக்காரர் பஸ்ஸில் போகட்டும், நாம் ரயில்காரருக்குத்தான் எழுதுகிறோம்.

மதியம் ஏரி. நிலையத்துக்குப் பக்கம்தான். இருபது நொடி, படகு, "இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு கலெக்டர் வெட்டியது" என்ற வரி, முடிந்தது. அப்புறம் தாவரவியல் பூங்கா. "1848-ல் தொடங்கிய பூங்கா, பல்வகை மலர்கள்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே கல்லாகிப் போன ஒரு மரத்துண்டு கிடக்கிறது, வயது சுமார் 2 கோடி ஆண்டு. கேமரா அதன் மேல் நிற்கட்டும், பூக்கள் பின்னணியில் இருந்தால் போதும்.

இப்போது தொட்டபெட்டா. ஊரிலிருந்து கோத்தகிரி சாலையில் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். பூங்காவிலிருந்து கிளம்பினால் போய்ச் சேரும்போது மாலை. மதியத்துக்கு மேல் அங்கே மேகம் மூடிக்கொள்வது வழக்கம். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலையில் எடுத்த பளிச்சென்ற காட்சியை மாலை 5 மணிக்கு ஒட்டினால், வந்து பார்த்தவர் திட்டுவார். நாளின் பாதையில் வைத்து எழுதினால் இந்தக் கோளாறு தானாகவே வெளியே வந்துவிடும். நேரத்துக்குள் அடங்காத இடம் ஸ்கிரிப்டிலும் அடங்கக் கூடாது. தொட்டபெட்டா மறுநாள் காலைக்கு, வேண்டுமென்றால் தனி வீடியோ.

(திரையில்: எழுத்து மட்டும்.)

கடைசி பதினைந்து நொடிக்கு வர்ணனை வேண்டாம், பயன்படும் தகவல் போதும். ரயில் டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் கல்லாறு–குன்னூர் பாதை ரத்தாகும், கிளம்பும் முன் விசாரியுங்கள். வெளியூர் வண்டியில் வந்தால் இ-பாஸ் வேண்டும், இது 2024 மே மாதத்திலிருந்து.

உங்கள் ஊர் ஸ்கிரிப்டின் முதல் நான்கு வரியைக் கமெண்டில் போடுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். மற்றவர்கள் அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்கிறார்களா, பார்க்கலாம்.