காலையில் கட்டிய புடவை, மாலையில் மாற்றிய ரவிக்கை

நேயர்களுக்கு வணக்கம். மயிலாப்பூரில் இருபது வருடத்துக்கு மேலாக ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகும் பெண்கள். அவர்களுக்கு முகூர்த்த நாள் வந்தாலே ஒரு கவலை. ஆபீஸ் முடிய ஐந்தரை மணி ஆகிறது. ஏழு மணிக்குக் கல்யாண வரவேற்பு. வீட்டுக்குப் போய் வர நேரம் கிடையாது. என்ன உடுத்துவது?

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். புடவையைத் தொடாதீர்கள், ரவிக்கையை மாற்றுங்கள்.

எனக்கு இது எப்படித் தோன்றியது என்று சொல்கிறேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வரவேற்பு இருக்கிற நாளில் பட்டுப்புடவையை மடித்துப் பையில் எடுத்துப் போவார். சாயங்காலம் ஆபீஸ் கழிவறையில் வைத்து மாற்றுவார். அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கை விரித்தால் சுவர் இடிக்கும், தரை ஈரமாக இருக்கும். ஐந்தரை மீட்டர் துணியை அங்கே நின்று கொசுவம் வைக்க முடியுமா? ஒருநாள் ஜரிகை பார்டர் முழுக்கத் தண்ணீரில் விழுந்துவிட்டது. அழாத குறையாக அடுத்த நாள் என் கடைக்கு வந்தார்.

அப்போது அவர் உடுத்தியிருந்தது கரும்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட சில்க் காட்டன் புடவை. மேலே பச்சைப் பருத்தி ரவிக்கை. நான் அந்தப் பார்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அக்கா, இதே புடவைக்கு அரக்கு ப்ரோகேடில் இன்னொரு ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள். காலையில் பச்சை, சாயங்காலம் அரக்கு. புடவை அப்படியே இருக்கட்டும்” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தைத்துப் போட்டுக் கண்ணாடி முன் நின்ற பிறகுதான் நம்பினார். பச்சை ரவிக்கையோடு பார்க்கும்போது பார்டர் ஒரு ஓரமாகக் கிடந்தது. அரக்கு ரவிக்கை மேலே வந்ததும் அந்தப் பார்டர்தான் முதலில் கண்ணில் பட்டது. ஆகவே இரண்டாவது ரவிக்கையின் நிறத்தைப் புடவையின் உடலிலிருந்து எடுக்காதீர்கள், பார்டரிலிருந்து எடுங்கள். பார்டரே இல்லாத புடவை என்றால் பழைய தங்க நிறம் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

ஆனால் முதல் முறை நான் ஒரு தவறு செய்தேன். ப்ரோகேட் ரவிக்கையை வழக்கமான விசேஷ அளவில் ஒரு அங்குலம் உயரம் குறைத்துத் தைத்துவிட்டேன். காலையில் நீளமான பருத்தி ரவிக்கைக்கு ஏற்றபடி புடவையைச் செருகியிருக்கிறார். சாயங்காலம் மாற்றியதும் இடுப்பில் ஒரு பட்டை தெரிந்தது. அன்று முழுக்க முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாராம். அதிலிருந்து இரண்டு ரவிக்கைக்கும் உயரம் ஒன்றாகவே வைக்கிறேன். கையின் நீளம் மாறலாம், கழுத்து மாறலாம், உயரம் மாறக்கூடாது. நீங்களும் தையல்காரரிடம் காலையில் போடும் ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்து, உயரத்தை இதிலிருந்து எடுங்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, ஹூக் முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்க ஹூக்கும் முடிச்சும் அழகுதான், நானே எத்தனையோ தைத்திருக்கிறேன். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் அந்தச் சின்ன இடத்தில் தனியாகப் போட முடியாது. உள்ளே வைக்கும் லைனிங்கும் பருத்தியாக இருக்கட்டும். நாள் முழுக்க வேர்த்த உடம்பில் வழவழப்பான லைனிங் ஒட்டிக்கொள்ளும், கை பாதியில் நின்றுவிடும். இழுத்தால் தையல்தான் விட்டுப்போகும்.

சரி, எப்படி மாற்றுவது? முதலில் ஈரத் துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, ஈரம் போக உலர்ந்த துண்டால் ஒற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், தோளில் ஊக்கு குத்திய இடத்திலேயே முந்தானை மடிப்புகளைச் சேர்த்து ஒரு துணி கிளிப் போடுங்கள். கிளிப் போட்ட பிறகுதான் ஊக்கைக் கழற்ற வேண்டும். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினால் தரையில் படாது. ரவிக்கையை மாற்றி, கிளிப் இருக்கும் இடத்தைத் தோளில் வைத்துத் திரும்பக் குத்தினால் முந்தானை காலையில் விழுந்த அதே நீளத்துக்கு விழும். கொசுவத்தில் கையே படவில்லை, கவனியுங்கள். அந்த அக்காவுக்கு இப்போது எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை.

ப்ரோகேடில் ஊக்கு குத்தும்போது, ஊக்கின் வளையப் பக்கம் ஒரு சின்ன மணியைக் கோத்துவிடுங்கள். துணி அந்த வளையத்துக்குள் போய்ச் சிக்காது. இழை இழுபட்டு நாசமான ரவிக்கைகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. வாசனைத் தைலத்தையும் ரவிக்கை போடுவதற்கு முன்னால் உடம்பில் தடவிக் காயவிடுங்கள். ஜரிகை மேல் அடித்தால் அந்த இடம் கறுத்துப்போகும்.

காலையில் எந்தப் புடவையைக் கட்டுவது என்றும் கேட்பார்கள். கஞ்சி போட்ட பருத்தி காலையில் நிமிர்ந்து நிற்கும். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் கசங்கி, அது மண்டபம் வரைக்கும் கூடவே வரும். சில்க் காட்டனில் அவ்வளவு தெரியாது. அடர்ந்த நிறமாக, சின்னக் கட்டம் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. கசங்கினாலும் கட்டத்துக்குள் மறைந்துவிடும். வெளிர் நிறங்கள் ஆபீஸுக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் மேடையில் வீடியோக்காரர்கள் போடும் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துத் தெரியும்.

செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலையில் தட்டைச் செருப்போடு புடவை கட்டிவிட்டு, சாயங்காலம் இரண்டு அங்குலக் குதிகால் வைத்ததைப் போட்டால் புடவையும் இரண்டு அங்குலம் தூக்கிக்கொள்ளும். கணுக்கால் தெரியும். அதைச் சரிசெய்யக் கொசுவத்தை அவிழ்க்க வேண்டும், நாம் தவிர்க்க நினைத்ததே அதைத்தானே! அதனால் செருப்பை மாற்றுவதாக இருந்தால் அதே உயரத்தில் மாற்றுங்கள்.

நகையில் காதை மட்டும் மாற்றினால் போதும். பொட்டுத் தோட்டைக் கழற்றி ஜிமிக்கி போடுங்கள். ப்ரோகேட் ரவிக்கைக்கு மேல் கழுத்தில் புதிதாக எதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ரவிக்கையின் ஜரிகையே அங்கே பேசுகிறது. மல்லிகையை ஆபீஸ் விட்டு வரும் வழியில் மொட்டாக ஒரு முழம் வாங்கி வையுங்கள். இருட்டும்போது அதுவே விரியும். காலையில் வாங்கிய பூ அந்த நேரத்துக்கு வாடியிருக்கும்.

சுடிதார் போடுகிறவர்களுக்கும் விவரமாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுடிதாரில் ரவிக்கையின் வேலையைத் துப்பட்டா செய்யும். ஒரே நிறத்தில், வேலைப்பாடு இல்லாத சுடிதாராகக் காலையில் போட்டுக்கொண்டு, பனாரஸ் துப்பட்டா ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள், மடிப்புக் கோடு விழாது. வணக்கம்.