பழக்கிய தோசைக்கல்லில் துரு வந்தது ஏன், அதற்கு நாங்கள் என்ன செய்கிறோம்?

கேள்வி: "பழக்கிய கல், வந்த அன்றே தோசை சுடலாம்னு சொல்லித்தானே வித்தீங்க? பெட்டியைத் திறந்தா ஓரமெல்லாம் துரு. தேய்ச்சுக் கழுவிட்டுச் சுட்டா தோசை பிய்ஞ்சு பிய்ஞ்சு வருது. போன் பண்ணிக் கேட்டா, இரும்புன்னா துருப்பிடிக்கத்தான் செய்யும்னு சொல்றாங்க. இது ஏமாத்து வேலை இல்லையா?"

அம்மா, முதலில் போனில் உங்களுக்குக் கிடைத்த பதிலுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பழக்காத கல்லை விற்றிருந்தால் அப்படிச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. பழக்கித் தருகிறோம் என்று அதற்கும் சேர்த்து விலை வாங்கிவிட்டு, பெட்டிக்குள்ளேயே துரு இருந்தால் அது எங்கள் குறைதான். நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் கல்லின் நடுப்பகுதி கருப்பாக, நன்றாகவே இருக்கிறது. துரு இருப்பது ஓரத்திலும் கைப்பிடி சேரும் இடத்திலும்தான். அதைப் பார்த்ததும், அதே சமயத்தில் கட்டி வைத்த மற்ற பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தோம். சிலவற்றில் அதே இடத்தில் அதே துரு. வார்ப்பிரும்பு கனமானது, அடுப்பிலிருந்து இறக்கினால் ஆறுவதற்கு ரொம்ப நேரமாகும். மழைக்காலத்தில் அவசரமாக, வெதுவெதுப்பு போவதற்கு முன்பே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக் காற்று ஆறும்போது நீராக மாறி ஓரங்களில் நின்றுவிட்டது. எண்ணெய்ப் பூச்சு மெலிதாக இருப்பதும் அந்த ஓரங்களில்தான். இப்போது கல் முழுக்க ஆறிய பிறகு, காகிதத்தில் சுற்றித்தான் பெட்டியில் வைக்கிறோம்.

சரி, தோசை ஏன் பிய்கிறது? கல்லைப் பழக்கும்போது மெலிதாகத் தடவிய எண்ணெய் கடும் சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய கருப்புப் பூச்சாக மாறிவிடுகிறது. மாவு இரும்பைத் தொடாமல் காப்பது அந்தப் பூச்சுதான். துருவைப் போக்க நீங்கள் அழுத்தித் தேய்த்தபோது பூச்சும் சேர்ந்து போய்விட்டது. துருவோடு வந்த கல்லை யாராக இருந்தாலும் அப்படித்தான் தேய்ப்பார்கள்.

இனி செய்யப்போவது. பணம் வேண்டும் என்றால், கூரியர் கட்டணத்தையும் சேர்த்து முழுத் தொகையும் திரும்ப வரும். எங்கள் செலவில் வீட்டுக்கே வந்து கல்லை எடுத்துக்கொள்வார்கள், எடுத்த அன்றே பணத்தை அனுப்பிவிடுவோம். கல் எங்களிடம் வந்து சேர்ந்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் என்று இழுக்கமாட்டோம். வேறு கல் வேண்டும் என்றால், அதில் நாங்களே ஒரு தோசை சுட்டு, வீடியோ எடுத்து உங்களுக்குக் காட்டிவிட்டு அனுப்புகிறோம். புதியது வரும்வரை பழையதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். ஆன்லைனில் விற்ற பொருள் பழுதாக இருந்தாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ல் வந்த மின்வணிக விதிகளே சொல்கின்றன.

இதே சமயத்தில் வாங்கிய மற்றவர்களுக்கும் இது பொருந்தும். உலர்ந்த வெள்ளைத் துணியால் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். பழுப்புப் பொடி ஒட்டி, அடியில் இரும்பு வழவழப்பாக இருந்தால் அது மேல்துரு. திருப்பி அனுப்பலாம். வைத்துக்கொள்ள விருப்பம் என்றால் சரிசெய்யவும் முடியும். தேங்காய் நாரும் புளியும் வைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். சில துளி நல்லெண்ணெய் தடவி, தடவியதையே துடைத்து எடுப்பதுபோல நன்றாகத் துடைத்துவிட்டு, புகை அடங்கும்வரை சூடாக்குங்கள். அப்புறம் ஆறவிட்டு, இதையே மூன்று நான்கு முறை செய்யுங்கள். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்பாகி, பிறகு செதில் செதிலாக உரியும். பலர் கல்லைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

விரல் நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், அனுப்பிவிடுங்கள். கல்லைத் தொங்கவிட்டு ஒரு மரக்கரண்டியால் தட்டியும் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். மந்தமாகக் கேட்டால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்படி வந்திருந்தாலும் மாற்றித் தருவோம். சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றி விரிசல் விட்டால் மட்டும் மாற்றித் தர முடியாது.

அம்மா, உங்கள் ஆர்டர் எண் எங்களிடம் இருக்கிறது. பணமா, புதுக் கல்லா என்று மட்டும் சொல்லுங்கள். முன்பு உங்களோடு பேசியவரிடம் நீங்கள் மறுபடி விளக்க வேண்டியதில்லை, நானே கூப்பிடுகிறேன்.