இரண்டு தீட்டுக்கு நடுவில் வரும் ஒருபக்க வலி

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம். தீட்டு முடிந்து நன்றாக இருக்கிற நாளில், அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று பிடித்துக்கொள்ளும். சிலருக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு ஒரு நாள், அதிகமாகப் போனால் இரண்டு நாள். நம்ம ஊரில் இதற்கு உடனே 'உடம்புச் சூடு' என்று சொல்லி வெந்தயத்தை விழுங்கச் சொல்வார்கள். மறுநாள் வலி போய்விடும். அது தானாகவே போகிற வலி. பேர் மட்டும் வெந்தயத்துக்கு.

இந்த வலி வருவது சினைப்பையிலிருந்து. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது. மாதாமாதம் அதில் ஒரு சின்ன நீர்ப்பை வளரும்; அதற்குள்தான் கருமுட்டை. பை ஏறக்குறைய 2 செ.மீ. ஆனதும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை மளமளவென்று சுரக்கும். அது ஏறத் தொடங்கி ஒன்றரை நாள் போல ஆனால் பை வெடித்து முட்டை வெளியே வரும். வெடிப்பதற்கு முன் பையின் மேல்தோல் விறைத்து இழுபடுவதால் சிலருக்கு வலிக்கும். வெடித்த பிறகு கொஞ்சம் நீரும் சில சொட்டு ரத்தமும் வயிற்றுக்குள் கசிந்து உள்சவ்வை உறுத்துவதால் சிலருக்கு வலிக்கும். முட்டை எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம்தான் வலி. ஒரு மாதம் இடது, அடுத்த மாதம் வலது என்று முறை வைத்து வரும் என்று நினைக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு மாதம் ஒரே பக்கமும் வரலாம்.

இதில் எல்லோரும் தடுமாறுகிற இடம் கணக்கு. 14-ஆம் நாள் முட்டை வரும் என்று படித்திருப்பீர்கள். அது 28 நாளுக்கு ஒரு தடவை தீட்டு வருகிறவர்களுக்கு. 34 நாளுக்கு ஒரு தடவை ஆகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜூன் 3-ஆம் தேதி தீட்டு வந்தது. 23-ஆம் தேதி வலது பக்கம் வலி. "பதினாலாம் நாள் 16-ஆம் தேதியே போயிடுச்சே டாக்டர், அப்ப இது குடல்வாலா?" என்று பயந்து வருகிறார். முட்டை வருவதற்கு முந்தைய நாட்கள்தான் ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். வந்த பிறகு அடுத்த தீட்டு வரைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 14 நாளை ஒட்டியே இருக்கும். அதனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். அவருக்கு அடுத்த தீட்டு ஜூலை 7-ஆம் தேதி வாக்கில் வரணும். அதிலிருந்து 14 நாள் பின்னால் போனால் ஜூன் 23. காலண்டரில் பார்த்தால் மே 20-ஆம் தேதியும் வலி என்று குறித்திருக்கிறார், ஜூன் 3-க்குச் சரியாக 14 நாள் முன்னால். அன்றைக்கு வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நீளுகிறதாக இருந்ததாம். இதுவும் ஒத்துப்போகிறது.

ஒரு விஷயம் இடையில். இந்த நாட்களில் ஸ்கேன் எடுத்தால் '2 செ.மீ. நீர்க்கட்டி' என்றோ, கர்ப்பப்பைக்குப் பின்னால் 'கொஞ்சம் நீர் இருக்கிறது' என்றோ எழுதி வரும். அந்தக் 'கட்டி' பெரும்பாலும் முட்டை வளர்கிற பைதான். ரிப்போர்ட்டோடு, தீட்டு வந்த தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் வலது பக்க வலி எல்லாமே இதுதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது. குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழே இறங்கி நின்றுகொள்ளும். சாப்பாடு பிடிக்காது, வாந்தியும் காய்ச்சலும் வரலாம், நேரம் ஆக ஆக வலி ஏறும். முட்டை வலி நேரம் ஆக ஆகக் குறையும். தாங்க முடியாத வலி வாந்தியோடு திடீரென்று வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். தீட்டு தள்ளிப்போன பிறகு ஒருபக்கம் வலித்து, மயக்கமோ தோள்பட்டை வலியோ வந்தால், குழாயில் கரு தங்கியிருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாதாரண வலிக்கு வெந்நீர்ப் பை ஒத்தடமும் பாராசிட்டமாலும் போதும். குழந்தைக்காக முயற்சி செய்கிறவர்கள் அந்த நாட்களில் இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தாங்களாகப் போட வேண்டாம். பை வெடிப்பதை அது தள்ளிப்போடக்கூடும்.

அங்கே ஒரு தங்கச்சி கேட்கிறார், வலி வந்த நாளைத் தவிர்த்தால் கரு நிற்காதா என்று. நிற்கும் அம்மா. முட்டை ஒரு நாளைக்கு மேல் உயிரோடு இருக்காது, ஆனால் விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். வலி தெரிவதற்கு முந்தைய நாட்கள்தான் கரு நிற்க அதிக வாய்ப்புள்ள நாட்கள். கருத்தடைக்கு இந்த வலியை நம்ப முடியாது.