வருஷக் கடைசிக் கடிதத்துல ‘நாங்கள்’ எங்க, ‘நாம்’ எங்க?

வணக்கம் நண்பர்களே. மேசையில ஒரு நோட்டும் காலண்டரும் இருக்கு பாருங்க. வருஷக் கடைசியில வாடிக்கையாளர்களுக்கு அனுப்புற வாழ்த்துக் கடிதத்தை எழுத உக்காந்திருக்கேன். மொத்தம் 14 பேர். நாலு கடிதம் முடிச்சாச்சு, அஞ்சாவது தொடங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசிடலாம்னு கேமராவை வெச்சேன்.

புதுசா பாக்கறவங்களுக்கு ஒரு வரி: நானும் கூட இருக்கற ரெண்டு பேரும் இணையதளங்களைப் பராமரிச்சுத் தர்ற வேலை பாக்கறோம். நீங்க கணக்கு எழுதறவங்களா இருக்கலாம், மொழிபெயர்க்கறவங்களா இருக்கலாம். இந்தக் கடிதத்துக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே மூணு வேலைதான். நன்றி சொல்லணும். சேர்ந்து செஞ்ச ஒரு காரியத்தை நினைவுபடுத்தணும். எப்ப இருப்போம், எப்ப இருக்க மாட்டோம்னு தேதி சொல்லணும். நடுவுல இருக்கறதுதான் கஷ்டம். கடைசியில இருக்கறதுலதான் ஆபத்து. அதனால அந்த ரெண்டைப் பத்தியும் நிறைய பேசப் போறேன்.

நன்றியைச் சுருக்கமா முடிச்சிடறேன். “இந்த ஆண்டு முழுவதும் நீங்கள் அளித்த ஆதரவுக்கு நன்றி”ன்னு எழுதினீங்கன்னா, அந்த வரியை அப்படியே வெட்டி இன்னொரு வாடிக்கையாளர் கடிதத்துல ஒட்ட முடியும். ஒட்ட முடியற வரி எதுவா இருந்தாலும் நான் அடிச்சிடுவேன். அவங்க உண்மையிலேயே செஞ்ச ஒண்ணைத் தேடுவேன். ஒருத்தர் நம்ம கேள்விக்கெல்லாம் அன்னைக்கே பதில் போட்டிருப்பார். இன்னொருத்தர் சர்வர் விழுந்த ராத்திரி கோவப்படாம, “பொறுமையா சரி பண்ணுங்க, எங்க ஆட்களுக்கு நான் சொல்லிக்கறேன்”னு சொல்லியிருப்பார். அதை எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு, பணத்தை நேரத்துக்குக் கொடுத்ததுக்கு நன்றின்னு மட்டும் நான் எழுதறதில்ல. அது நன்றியா, அடுத்த பில்லுக்கு நினைவூட்டலான்னு படிக்கறவங்களுக்குப் புரியாமப் போயிடும்.

இப்ப நடுப்பகுதி. நான் முதல்ல எழுதி, அப்புறம் கிழிச்சுப் போட்ட வரியையே படிச்சுக் காட்டறேன்.

“இந்த ஆண்டு உங்கள் இணையதளத்தின் வேகத்தை நாங்கள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினோம்.”

எண்ணிக்கையில தப்பு இல்ல. மார்ச்ல அவங்க முகப்புப் பக்கம் மொபைல்ல திறக்க 4.8 விநாடி ஆச்சு. அக்டோபர்ல அதே பக்கத்தை அதே கருவியில அளந்தேன், 2.1 விநாடி. பக்கத்தோட பெரிய பகுதி 2.5 விநாடிக்குள்ள கண்ணுக்குத் தெரிஞ்சா நல்ல வேகம்னு கூகுள் ஒரு அளவு வெச்சிருக்கு. அதுக்குள்ள வந்துட்டோம். சந்தோஷமான விஷயம்தான்.

ஆனா அந்த வரியில இருக்கற ‘நாங்கள்’தான் உறுத்துச்சு. நம்ம மொழியில இதுக்கு ரெண்டு சொல் இருக்கு. ‘நாங்கள்’னா கேக்கறவர் அதுல இல்ல. ‘நாம்’னா அவரும் உள்ள வந்துடறார். நான் ‘நாங்கள் உயர்த்தினோம்’னு எழுதின உடனேயே வாடிக்கையாளரை வாசலுக்கு வெளிய நிறுத்திட்டேன். அது வாழ்த்துக் கடிதமா இல்லாம என் விளம்பரமா ஆயிடுச்சு.

சரி, ‘நாங்கள்’ஐ அடிச்சுட்டு ‘நாம்’னு போட்டாப் போதுமான்னா, அதுவும் போதாது. “நாம் சேர்ந்து சாதித்தோம்”னு மொட்டையா எழுதினா, அவங்க என்ன செஞ்சாங்கன்னு எங்கயும் இருக்காது. மரியாதைக்குச் சேத்துக்கிட்ட மாதிரி படும். அதனால நோட்டை எடுத்து, அந்த வேகம் எப்படி வந்துச்சுன்னு யார் யார் வேலையையும் பிரிச்சு எழுதினேன். முகப்புல ஒரு வீடியோ தானா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவங்க ஆசையா எடுத்த வீடியோ. அதை எடுத்துடலாம்னு முடிவு பண்ணினது அவங்க. பழைய பெரிய படங்கள் 300 இருந்துச்சு. அதையெல்லாம் உக்காந்து சின்னதாக்கி அனுப்பினது அவங்க குழு. சர்வரை மாத்தினது, தேவையில்லாத நிரல்களை நீக்கினது எங்க வேலை. பிரிச்சுப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது, பாதிக்கு மேல அவங்க பக்கம் நடந்த வேலை.

அப்புறம் எழுதினது இது:

“மார்ச் மாதத்தில் 4.8 விநாடி எடுத்துக்கொண்ட உங்கள் முகப்புப் பக்கம், அக்டோபரில் 2.1 விநாடியில் திறந்தது. முகப்பில் ஓடிய வீடியோவை எடுத்துவிடலாம் என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். உங்கள் குழுவினர் 300 படங்களையும் சுருக்கி அனுப்பினார்கள். நாங்கள் சர்வரை மாற்றினோம். இது நாம் சேர்ந்து செய்த வேலை.”

கவனிச்சீங்களா, இதுலயும் ‘நாங்கள்’ இருக்கு. எங்க வேலையை நான் மறைக்கல. ஆனா கடைசி வரியில ‘நாம்’ வர்றப்ப, அதுக்கு முன்னாடியே அவங்க செஞ்ச ரெண்டு வேலை எழுதியாச்சு. அந்த ‘நாம்’ வெறும் மரியாதைக்கு வந்தது இல்ல. இந்தப் பத்தியை அவங்க தங்களோட குழுவுக்கு அப்படியே அனுப்பலாம். படங்களைச் சுருக்கின பிள்ளைங்க அதைப் படிப்பாங்க. அதுதான் எனக்கு வேணும்.

இதுல ரெண்டு எல்லை வெச்சிருக்கேன். வேகம் கூடினதால அவங்க வியாபாரம் கூடுச்சுன்னு எழுத மாட்டேன். கூடியிருக்கலாம், ஆனா அதுக்கு வேற பத்து காரணம் இருக்கலாம், நான் அளக்கல. ரெண்டாவது, ஒருத்தரோட எண்ணை இன்னொருத்தர் கடிதத்துல காட்ட மாட்டேன், பேர் சொல்லாமக்கூட. அது அவங்க சொத்து. அதனாலதான் நடுப்பத்தியை 14 பேருக்கும் தனித்தனியா எழுதறேன். ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பறவங்க, முகவரிகளை மறைநகலா போடாம விட்டுட்டா, உங்க வாடிக்கையாளர் பட்டியலே எல்லார் கையிலயும் போயிடும். தனித்தனியா அனுப்பினா அந்தப் பயமே இல்ல.

எண் காட்ட முடியாத வாடிக்கையாளர் இருப்பாங்களே, அவங்களுக்கு என்ன? ஒருத்தருக்கு இந்த வருஷம் ரொம்ப மோசமான வருஷம். ஆளைக் குறைச்சாங்க, புதுசா எதுவும் செய்யல. அவருக்கு “சிறப்பான ஆண்டாக அமைந்தது”ன்னு எழுதினா மனசு நோகும். அந்த நெருக்கடியிலயும் வருஷம் முழுக்க இணையதளத்தை ஒரு நாள்கூட மூடாம ஓட்டினோம். அதை எழுதினேன், அதுக்கு மேல ஒரு வார்த்தை சேக்கல.

இப்ப தேதிக்கு வரேன். போன வருஷம் நான் எழுதினது: “டிசம்பர் 24 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை.” படிக்கத் தெளிவாத்தான் இருக்கு. ஆனா ஒரு வாடிக்கையாளர் 24-ஆம் தேதி காலையில அவசர மாற்றம் ஒண்ணு அனுப்பினாங்க. 24 சாயங்காலத்துலேருந்து விடுமுறைன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் 23-ஆம் தேதியே பெட்டியைக் கட்டிட்டேன். அந்த மின்னஞ்சல் 11 நாள் திறக்காமக் கிடந்துச்சு. தப்பு முழுக்க என்னோடது. ‘முதல்’னா அந்த நாளும் விடுமுறையா, ‘வரை’னா அந்த நாளும் சேருமான்னு ஆளுக்கு ஆள் வேற மாதிரி எடுத்துக்கறாங்க. எனக்கு அது தோணவே இல்ல.

அதுக்கப்புறம் விடுமுறையை எழுதறதைவிட வேலை நாளை எழுதறதுதான் முக்கியம்னு வெச்சுக்கிட்டேன். இந்த வருஷம் எழுதியிருக்கறது இப்படி:

“எங்கள் கடைசி வேலை நாள் டிசம்பர் 24, வியாழக்கிழமை, அன்று மதியம் 1 மணி வரை இருப்போம். டிசம்பர் 25 வெள்ளி முதல் ஜனவரி 3 ஞாயிறு முடிய அலுவலகம் மூடியிருக்கும். ஜனவரி 4, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு மீண்டும் வேலையைத் தொடங்குவோம். விடுமுறைக்கு முன் முடிய வேண்டிய வேலைகள் டிசம்பர் 17, வியாழக்கிழமைக்குள் எங்களிடம் வந்து சேர வேண்டும்.”

‘வரை’க்குப் பதிலா ‘முடிய’ன்னு போட்டிருக்கேன். ‘3 முடிய’ன்னா அந்த மூணாம் தேதியும் முடியணும், அதுல சந்தேகம் வராது. தேதியோட கிழமையும் போட்டாச்சு. ரெண்டுல ஒண்ணை நான் தப்பா எழுதினாலும் படிக்கறவங்க பிடிச்சுடுவாங்க. மாதத்தை எழுத்துலயே எழுதுங்க. 04/01-ன்னு போட்டா, மாதத்தை முன்னாடி எழுதிப் பழகின நாட்டுல இருக்கறவங்களுக்கு அது ஏப்ரல் 1. வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தா அவங்க ஊர் நேரத்தையும் பக்கத்துல எழுதிடறேன்.

நாலுல ரொம்ப உதவறது கடைசி வரிதான், அந்த டிசம்பர் 17. பல பேர் மூடற தேதியை மட்டும் சொல்றாங்க. அப்ப என்ன ஆகும்? 23-ஆம் தேதி ராத்திரி எல்லா வேலையும் ஒண்ணா வந்து விழும். எங்களுக்கு ஒரு வேலை முடிக்க சராசரியா நாலு வேலை நாள் ஆகும், அதனால ஒரு வாரம் முன்னாடி கோடு போட்டேன். உங்க வேலைக்கு எத்தனை நாள்னு நீங்கதான் பாத்துக்கணும். இந்தக் கோடு அவங்களுக்குப் பயன்படணும்னா கடிதம் முன்னாடியே போகணும். டிசம்பர் 7, திங்கட்கிழமை அனுப்பறேன். 16-ஆம் தேதி தேதிகளை மட்டும் வெச்சு ரெண்டு வரி நினைவூட்டல்.

அவசரத்துக்கு ஒரு வரி சேக்கறேன்: “இணையதளம் முழுவதுமாகத் திறக்காவிட்டால் மட்டும் இந்த எண்ணில் அழையுங்கள்.” அவசரம்னா என்னன்னு சொல்லாம வெறும் நம்பரைக் கொடுத்தா, எழுத்துப் பிழைக்கும் போன் வரும்.

இன்னொண்ணு, ஜிமெயில்ல தானியங்கிப் பதில் வைக்கறவங்களுக்கு. முதல் நாள்னு நீங்க கொடுக்கற தேதியில நள்ளிரவு 12 மணிக்கே அது ஆரம்பிச்சிடும், கடைசி நாள் ராத்திரி 11:59-க்குத்தான் முடியும். நான் 24 மதியம் வரை இருக்கறதால முதல் நாள் 25-ன்னு வைக்கறேன். கடைசி நாள் ஜனவரி 3. திரும்பி வர்ற தேதியான 4-ஐப் போட்டா, நாம வந்து உக்காந்து வேலை செய்யறப்பவும் “விடுமுறையில் இருக்கிறேன்”னு பதில் போய்க்கிட்டே இருக்கும். அந்தப் பதில்ல இருக்கற தேதியும் கடிதத்துல இருக்கற தேதியும் ஒண்ணுதானான்னு ஒரு தடவை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடுங்க.

அஞ்சாவது கடிதம் யாருக்குன்னா, என்கிட்ட முதன்முதலா வேலை கொடுத்தவங்களுக்கு. அவங்க இந்த வருஷம் செஞ்சது என்னென்னன்னு நோட்டுல எழுத ஆரம்பிச்சிருக்கேன், இதுவரைக்கும் ஆறு வரி வந்திருக்கு. அதுல எதை வெச்சுக்கறதுன்னு பாக்கணும். கேமராவை அணைச்சுட்டுப் போறேன், அடுத்த வீடியோல பாக்கலாம்.