தாடையோரச் சதைக்கு ஹைஃபுவா, ஆர்எஃப்பா?

[திரையில்: கண்ணாடி முன் ஒரு பெண். வாயோரத்துக்குக் கீழே, தாடைக்கோட்டில் லேசான மேடு.]

வணக்கம். முதலில் ஒரு சின்ன சோதனை. காதுக்கு முன்னால் விரலை வைத்து, தோலை மேல்நோக்கி மெல்லத் தள்ளுங்கள். சில மில்லிமீட்டர் தள்ளியதுமே தாடைக்கோடு நேரானால், ஹைஃபு, ஆர்எஃப் போன்ற கருவி சிகிச்சைக்குப் பலன் இருக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால், எந்தக் கருவியும் அவ்வளவு தூக்காது. அது அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய வேலை.

[திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம்.]

ஹைஃபு என்பது ஓரிடத்தில் குவித்து அனுப்பும் அல்ட்ராசவுண்ட் ஒலி அலை. தோலுக்கு 3 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் புள்ளி புள்ளியாகச் சூடு விழும். அந்தப் புள்ளியில் 60 டிகிரிக்கு மேல் போவதால், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதமான கொலாஜன் சுருங்குகிறது. பிறகு உடம்பு அந்த இடத்தைப் பழுது பார்க்கும்போது புதுக் கொலாஜன் உருவாகிறது. ஆர்எஃப் ரேடியோ அலையால் தோலைப் பரவலாகச் சூடாக்கும். தோல் மட்டும் தளர்ந்தவருக்கு அது போதும். சதையே இறங்கத் தொடங்கியிருந்தால் ஆழமாகப் போகும் ஹைஃபுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

இப்போது 46 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹைஃபு முடிந்த மறுநாள் முகம் இறுக்கமாகத் தெரிகிறது. அதில் பாதி வீக்கம்தான். சில நாளில் அது வடிந்ததும், “பணம் போச்சே” என்று மனசு உடைந்துவிடுகிறார். ஆனால் புதுக் கொலாஜன் வர 2, 3 மாதம் ஆகும். அதனால் முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாம் மாதம் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில், சிரிக்காமல் இன்னொன்று எடுங்கள். கோடு கொஞ்சம் தெளிவாகியிருக்கும், அவ்வளவுதான். அதுவும் ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும்.

சரி, செலவு? சென்னையில் கீழ் முகத்துக்கு ஹைஃபு ஒரு முறை சுமார் 15,000 முதல் 40,000 ரூபாய். பெரிய பிராண்டுக் கருவி என்றால் லட்சத்தையும் தாண்டும். ஆர்எஃப் ஒரு தடவைக்கு சுமார் 4,000 முதல் 8,000. ஆனால் நாலைந்து தடவை போக வேண்டும், கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஃபர் விலை சொன்னால், “எத்தனை ஷாட், எந்த ஆழத்தில்?” என்று கேளுங்கள். கருவி ஒவ்வொரு முறை சூடு செலுத்துவதும் ஒரு ஷாட். ஷாட்டைக் குறைத்துத்தான் பல இடங்களில் விலை குறைகிறது.

[திரையில்: தாடை எலும்பின் ஓரமாக ஓடும் நரம்பு.]

இந்த நரம்பு கீழுதட்டை அசைப்பது. சூடு இதில் பட்டால் சிரிப்பு கோணலாகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒல்லியான முகம் என்றால் இன்னொரு கவலை உண்டு. சூட்டில் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போய், வயது இன்னும் கூடித் தெரியலாம். உங்கள் கன்னம் ஏற்கெனவே ஒட்டியிருந்தால், கன்னத்து நடுவில் ஷாட் வேண்டாம் என்று சிகிச்சைக்குப் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.