சூட்கேஸ் சக்கரத்தின் ரிவெட்டை அறுப்பது

நேயர்களுக்கு வணக்கம். பெட்டி, பை பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். இரண்டு சக்கர டிராலி சூட்கேஸில் ரப்பர் பிய்ந்துபோனால் புதுச் சக்கரம் கடையில் கிடைக்கும். ஆனால் பழையதைக் கழற்றப் போனால் திருகே இருக்காது. அச்சாக நிற்பது ஒரு ரிவெட். அதன் ஒரு முனையில் தலை இருக்கும், மறுமுனையைத் தொழிற்சாலையிலேயே அழுத்தி விரித்திருப்பார்கள்.

பலரும் முதலில் எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய் துருவை இளக்கும், விரித்த இரும்பைச் சுருக்காது. அடுத்து டிரில் எடுப்பார்கள். பிட் கடித்ததும் ரிவெட்டும் கூடவே சுழல ஆரம்பிக்கும். அந்த உராய்வுச் சூட்டில், சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை இளகி ஓட்டை பெரிதாகிவிடும். அப்புறம் புது அச்சு போட்டாலும் ஆடும்.

அதனால் தலைப் பக்கமே போகாதீர்கள். சக்கரத்துக்கும் உறைச் சுவருக்கும் நடுவில் தெரியும் அச்சை அறுங்கள். ஹேக்சா பிளேடை மட்டும் சட்டத்திலிருந்து கழற்றி, பிடிக்கும் முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் மறுபக்கம் பிளேடு நுழைய இடம் கிடைக்கும். இடம் போதவில்லையா? பிளேடைச் சக்கரத்தின் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், அது எப்படியும் குப்பைக்குப் போகிறது. உறையில் மட்டும் பல் படக்கூடாது.

பிளேடு கடிக்காமல் வழுக்கினால், பேரிங்கின் கடின எஃகில் உரசுகிறீர்கள் என்று அர்த்தம். கொஞ்சம் சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். அறுக்கும்போதும் ரிவெட் சுழன்றால், வெளியே தெரியும் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் தட்டையாக்கி, லாக்கிங் பிளையரால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். உருண்டைத் தலையை அப்படியே பிடித்தால் நழுவும். பிளேடு சூடானால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள்.

ஒரு பக்கம் அறுந்ததும் மறுபக்கத்தையும் அதேபோல் அறுக்க வேண்டும். அச்சின் நடுத்துண்டோடு சக்கரம் கையில் வந்துவிடும். சுவரில் மிஞ்சிய துண்டுகளை உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஒரு ஆணியை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும்.

இனி அளவு. சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக அச்சு 6 மி.மீ. என்றால் 6 மி.மீ. போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டும் வாங்குங்கள். சாதா நட் ஓட்டத்தில் கழன்றுவிடும். போல்ட்டின் நீளத்துக்கு இரு சுவர்களின் வெளிப்புறத்துக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து, நட்டுக்கும் வாஷருக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சக்கரம் ஆடாமல், ஆனால் தாராளமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

நாலு பக்கமும் திரும்பும் சக்கரம் என்றால் கதை வேறு. சக்கரத்தின் குறுக்கச்சை இதேபோல் அறுக்கலாம். திரும்பும் செங்குத்து அச்சு கெட்டிருந்தால், பெட்டியின் உள் துணியை விலக்கித் திருகுகளைத் தேடி, முழுக் கூட்டையும் மாற்றுவதே சுலபம்.